மாதம் இருபதாயிரம் குறையும் என்று அப்பா புரிந்துகொண்ட அன்று

2023 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வேலையை ராஜினாமா செய்தேன். அன்று இரவே பஸ் ஏறி, சனிக்கிழமை காலை ராஜபாளையத்தில் வீட்டுக்குள் நுழைந்து, காபி குடித்து முடித்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னேன். இந்த வரிசையே தப்பு என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. முதலில் ராஜினாமா, பிறகு தகவல். அவர்களிடம் கேட்பதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. இருபத்தைந்து வயது, நான்கு வருட வேலை, இது என் முடிவு என்று நினைத்தேன். முடிவு என்னுடையதுதான். ஆனால் அந்த முடிவில் எங்கள் வீட்டின் மாதக் கணக்கும் சேர்ந்திருந்தது.

நான் சென்னையில் ஒரு பெரிய ஐ.டி. சர்வீஸ் நிறுவனத்தில் 2019 ஜூன் 17 அன்று சேர்ந்தேன். ஒரு வங்கியின் மென்பொருளுக்கு சப்போர்ட் பார்க்கும் வேலை. பிரச்சினையைச் சொல்லும் டிக்கெட் வரும், பதிவுகளைப் பார்த்து எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பேன், சரிசெய்யும் குழுவுக்கு அனுப்பி மூடுவேன். நான்கு வருடமும் இதேதான். வெளியே நேர்முகத்துக்குப் போனபோதெல்லாம், "நீங்களே ஆரம்பத்திலிருந்து கட்டி, ஓடவிட்டது எது?" என்ற கேள்வியில் நின்றுவிடுவேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் லாரி போக்குவரத்து நிறுவனங்களுக்கு டிரிப் கணக்கு, டீசல் கணக்கு மென்பொருள் செய்கிற ஒரு ஸ்டார்ட்அப்பில் பேக்எண்ட் டெவலப்பராகக் கூப்பிட்டார்கள். இருபத்தாறு பேர் கொண்ட நிறுவனம். நிறுவனங்கள் சி.டி.சி. என்று சொல்கிற ஆண்டுச் சம்பளம் பழையது 9 லட்சம், புதியது 6 லட்சத்து 60 ஆயிரம். எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

வீட்டில் நான் சொன்னது ஏறக்குறைய இப்படித்தான்: "ப்பா, ஒரு ஸ்டார்ட்அப்ல வேலை கிடைச்சிருக்கு. ஒன்பது லட்சத்துல இருந்து ஆறு அறுபது ஆகும். ஆனா நல்ல லேர்னிங் இருக்கு, குரோத் இருக்கு, ஷேர் வேற தர்றாங்க. இப்போ ரிஸ்க் எடுக்கலைன்னா எப்போ எடுக்குறது?" அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அப்போ மாசம் இருபதாயிரம் குறையும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அழுதார். எதற்கு இத்தனை அழுகை என்று எனக்குக் கோபம் வந்தது. "நான் என்ன குழந்தையா?" என்று கத்தினேன். அடுத்த பத்தொன்பது நாள் அப்பா என்னிடம் போனில் பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றேன். மேலாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் போக நினைத்த ஆள் என்று பெயர் விழுந்துவிட்டது. அந்த ஆண்டு ரேட்டிங் குறைந்தது. ரேட்டிங்கைப் பொறுத்து வழக்கமாக 54,000 வரை வருகிற வேரியபிள் 31,000தான் வந்தது. ஸ்டார்ட்அப்பிலும் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பணமாக இழந்தது 23,000. காலமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்னால் போய்விட்டது.

அப்பா சொன்ன அந்த இருபதாயிரம் என்ன என்பது தீபாவளிக்குப் போனபோதுதான் புரிந்தது. அடுப்படியில் அம்மா முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார்: "நீ மாசாமாசம் அனுப்புறது இருபதாயிரம். அன்னைக்கு நீ சொன்ன கணக்குல குறையுறதும் இருபதாயிரம். அப்போ பாப்பா இனி வீட்டுக்கு அனுப்ப மாட்டாள்னு உங்கப்பா நினைச்சுட்டாரு. கேக்குறதுக்கு அவருக்கு வாய் வரல." நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2 லட்சத்து 40 ஆயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் சரியாக இருபதாயிரம். அந்த இருபதாயிரத்தில்தான் வீட்டுக் கடன் தவணை 11,400 போகிறது, தம்பியின் கல்லூரிச் செலவு போகிறது. நான் லேர்னிங், குரோத் என்று பேசிக்கொண்டிருந்தேன். தவணை நின்றுவிடும் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. மகளிடம் பணம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

இதை முதலில் சொல்கிறேன், இதில்தான் எல்லாம் கெட்டது. வீட்டில் சி.டி.சி. என்ற எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். அது நிறுவனம் நம் மேல் செய்கிற மொத்தச் செலவு, கையில் வருகிற பணம் இல்லை. என் 9 லட்சத்தில் 90,000 வேரியபிள், அது முழுதாக ஒரு வருடமும் வந்ததில்லை. நிறுவனம் கட்டுகிற பி.எஃப். பங்கு 21,600, வேலையை விடும்போது தருகிற கிராஜுவிட்டிக்கென்று ஒதுக்கிவைத்தது கிட்டத்தட்ட 14,000, காப்பீட்டு பிரீமியம் 10,000, எல்லாம் அதற்குள் அடக்கம். இவை போக, வரியும் என் பி.எஃப். பங்கும் பிடித்தது போக, மாதம் கையில் வந்தது 58,500. புதிய இடத்தின் 6 லட்சத்து 60 ஆயிரத்தில் வேரியபிள் கிடையாது, பி.எஃப். பங்கு மட்டும்தான் உள்ளே. அன்றைய விதிப்படி புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வரி வராது. அதனால் கையில் வருவது 51,000. மாத வித்தியாசம் 7,500. இந்த ஒரு கணக்கை ஜூலையில் போட்டுக் காட்டியிருந்தால் அந்தப் பத்தொன்பது நாள் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரியில் அதே ஸ்டார்ட்அப்பில் இன்னொரு இடம் காலியானது. மீண்டும் கூப்பிட்டார்கள், அதே சம்பளம். இந்த முறை ராஜினாமாவும் செய்யவில்லை, சரி என்று கையெழுத்தும் போடவில்லை. பதில் சொல்லப் பத்து நாள் கேட்டேன், கொடுத்தார்கள். ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். முதல் நாள் எதையும் விளக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். நான் சொன்னது இவ்வளவுதான்: "ப்பா, போன வருஷம் சொன்ன கம்பெனியில மறுபடி கூப்பிடுறாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல. போன தடவை சொல்லாம ராஜினாமா பண்ணினது தப்பு. வீட்டுக்கு அனுப்புற இருபதாயிரத்துல ஒரு ரூபா குறையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் என்னென்ன பயம் இருக்கோ சொல்லுங்க, எழுதிக்கிறேன். இன்னைக்குப் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் ஒவ்வொண்ணுக்கும் பதிலோட வர்றேன்."

இருபதாயிரம் குறையாது என்ற வரி அவரிடம் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார், ஒரு மணி நேரம் பேசினார். அப்பா முப்பத்தோரு வருடம் நூற்பாலைகளில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். முதலில் இருந்த சின்ன மில், மின்வெட்டுக் காலத்தில் நொடித்து மூடிவிட்டது. சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தார்கள், ஆனால் கடைசிப் பதினொரு மாதம் அதை பி.எஃப். அலுவலகத்தில் கட்டவே இல்லை. அதற்காக மதுரைக்கு எத்தனை நடை நடந்தார் என்று அன்றுதான் முதன்முறையாக எனக்குச் சொன்னார். ஸ்டார்ட்அப் என்ற சொல் அவருக்கு அந்த மில்லாகத்தான் கேட்டிருக்கிறது. அதை நான் பழைய காலத்து பயம் என்று ஒதுக்கியிருந்தால் எவ்வளவு தப்பு! அவர் கேட்டது எல்லாமே நான் ஆஃபர் லெட்டரைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்களா? சம்பளம் கொடுக்கிற பணம் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா, முதலீட்டாளரிடமிருந்து வருகிறதா? இன்னும் எத்தனை மாதத்துக்குக் கையில் காசு இருக்கிறது? மூடிவிட்டால் நீ என்ன செய்வாய்? எனக்கு ஆஸ்பத்திரி கார்டு இருக்குமா? அம்மா கேட்டது ஒன்றுதான்: "மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

பேச்சை இப்படி இரண்டு அமர்வாகப் பிரித்ததில் கிடைத்த பெரிய நன்மை, நான் உடனே வாதாடவில்லை என்பதுதான். ஒவ்வொரு பயத்துக்கும் அங்கேயே ஒரு பதில் சொன்னால் பெற்றோர் அடுத்த பயத்தைச் சொல்ல மாட்டார்கள், அடக்கிக்கொள்வார்கள். பேனாவோடு உட்கார்ந்தால் கடைசிவரை சொல்லுவார்கள். கடைசியாக வருகிற கேள்விதான் பெரும்பாலும் உண்மையான கேள்வி. எங்கள் வீட்டில் அது ஆஸ்பத்திரி கார்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. என் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் அவரும் அம்மாவும் இருந்தார்கள்.

அந்த வாரம் ஒவ்வொரு கேள்வியாகத் தேடினேன். பி.எஃப். கேள்விக்குப் பதில் கிடைத்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியவில்லை. பி.எஃப். பணத்தை நிர்வகிக்கிற இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் இணையதளத்தில் `Establishment Search` என்று ஒரு பக்கம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், உள்நுழைவு எதுவும் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துத் தேடி, அதில் `View Payment Details` என்பதைத் திறந்தால், எந்த மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று மாதவாரியாக வரும். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. 15 தாண்டித் தாண்டிக் கட்டியிருந்தால் கையில் காசு தட்டுப்பாடு என்று அர்த்தம். ஆட்களின் எண்ணிக்கை மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால், எந்தக் கூட்டத்திலும் சொல்லாத செய்தி அதில் இருக்கிறது. நான் பார்த்த இருபது மாதத்தில் இரண்டு மாதம் மட்டும் தாமதம், மற்றவை 15க்குள். ஆள் எண்ணிக்கை 19இலிருந்து 28 ஆகியிருந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இருபது பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை. ஆகவே மிகச் சின்ன நிறுவனம் இந்தப் பக்கத்தில் தெரியவில்லை என்றால், அதை வைத்தே அது மோசமான நிறுவனம் என்று முடிவு கட்ட முடியாது.

காசு எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்ற கேள்வியை நிறுவனரிடமே நேராகக் கேட்டேன். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "எங்க அப்பா மில் கணக்கர், அவர் கேட்கிறார்" என்று சொல்லிக் கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதச் செலவில் ஏறக்குறைய பாதி வாடிக்கையாளர் கட்டணத்தில் வந்துவிடுகிறது, மீதிக்கு முதலீட்டுப் பணம் இன்னும் பதினான்கு மாதம் வரும் என்றார். கேள்விக்கு நேராக ஒரு எண் சொன்னதே எனக்குப் பாதித் தெளிவு. "அதெல்லாம் கவலைப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

இரண்டாவது அமர்வு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு. நோட்டை விரித்து அப்பா கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு பத்தி. இடது பக்கம் இப்போது: வருவது 58,500, வீட்டுக்கு 20,000, சாப்பாட்டோடு ஹாஸ்டல் 9,500, என் செலவு 8,000, மிச்சம் 21,000. வலது பக்கம் மாறினால்: வருவது 51,000, வீட்டுக்கு அதே 20,000, ஹாஸ்டல் 9,500, என் செலவு 8,000, உங்கள் இருவருக்கும் தனிக் காப்பீடு ஆண்டுக்கு 38,000 என்பதால் மாதம் 3,200, மிச்சம் 10,300. "மிச்சம்தான் ப்பா குறையுது. மாசம் பதினோராயிரம் கிட்ட. அது போக வேரியபிள் வராது, அதையும் மாசத்துக்கு ஒரு நாலாயிரம்னு சேர்த்தா, உண்மையான நஷ்டம் மாசம் பதினைஞ்சாயிரம். ஏழாயிரத்து ஐந்நூறுதான்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்." சி.டி.சி. கணக்கில் 20,000, சம்பளச் சீட்டில் 7,500, முழுக் கணக்கில் 15,000. இதில் மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்தே வாழ்ந்த மனிதர் எப்படியும் ஒரு நாள் கண்டுபிடிப்பார். அவராகக் கண்டுபிடித்தால் அதன் பிறகு நாம் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்.

அப்பா விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டிக்கொண்டு வந்தார். "சரி, பதினைஞ்சாயிரத்தைக் குடுத்து என்ன வாங்குற?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் போன வருடம் ஆங்கிலச் சொற்கள்தான் இருந்தன. இந்த முறை அவர் மில்லையே எடுத்துக்கொண்டேன். "ப்பா, பெரிய மில்லுல ஒரே ரிங் ஃபிரேமுல அறுந்த நூலை மட்டும் ஒட்டிட்டு அஞ்சு வருஷம் நிக்கிற ஆளும் இருக்காரு. சின்ன மில்லுல புளோ ரூம், கார்டிங்ல இருந்து கோன் வைண்டிங் வரைக்கும் எல்லா மெஷினையும் பிரிச்சுப் பூட்டின ஃபிட்டரும் இருக்காரு. ரெண்டு மில்லும் மூடிட்டா யாருக்கு முதல்ல வேலை கிடைக்கும்?" அவர் உடனே சொன்னார்: "ஃபிட்டருக்குத்தான். கூப்பிட்டுக் குடுப்பான்." நான் சொன்னேன்: "நான் இப்போ நூல் ஒட்டிட்டு இருக்கேன் ப்பா. இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருந்தா சம்பளம் பத்தரை ஆகும், ஆனா வெளியே யாரும் எடுக்க மாட்டாங்க. அப்போ பெரிய கம்பெனி ஆளைக் குறைச்சா நான் எங்க போவேன்?" அவர் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். உங்கள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தால் மளிகைக்கடையில்தான் இதற்கு இணை தேட வேண்டும். என் உதாரணம் உங்கள் வீட்டில் எடுபடாது.

ஷேர் பற்றி அவரே கேட்டார், அதற்கு நான் சொன்னது: "அது நோட்டுல எங்கேயும் இல்ல ப்பா, வேணும்னுதான் எழுதல. முதல் வருஷம் முடியிற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நாலு வருஷத்துல என் பேருக்கு உரிமை வரும். அதுக்கப்புறமும் நான் காசு குடுத்துத்தான் வாங்கணும், வாங்குற அன்னைக்கே வரியும் கட்டணும், ஆனா விக்கிறதுக்கு சந்தை கிடையாது. வந்தா பாத்துக்கலாம். பூஜ்யம்னு வச்சுக்கோங்க." பெற்றோரைச் சம்மதிக்கவைக்க ஷேரை இழுப்பது மிகப் பெரிய தவறு என்பது என் எண்ணம். ஷேர் இல்லாமல் கணக்கு நிற்கவில்லை என்றால் அந்த வேலைக்குப் போகக் கூடாது.

மூடிவிட்டால் என்ன என்ற கேள்விக்கு வாய்வார்த்தை போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் சேமிப்பிலிருந்து 1,20,000 ரூபாயை, அதாவது வீட்டுக்கு அனுப்புகிற இருபதாயிரத்தின் ஆறு மாதத்தை, அப்பா பெயரில் வைப்புநிதியாகப் போடுகிறேன் என்றேன். ராஜினாமாவுக்கு முன்னாலேயே போடுகிறேன் என்றும் சொன்னேன். எப்போது நிறுவனத்தை விட்டு வருவேன் என்பதையும் நோட்டில் எழுதினேன்: தொடர்ந்து இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால், அல்லது இரண்டு மாதம் பி.எஃப். கட்டாவிட்டால், அன்றே வேறு வேலை தேட ஆரம்பிப்பேன். அப்பா பேனாவை வாங்கி, அதன் கீழே தன் கையெழுத்தில் "பி.எஃப். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினார். அவர் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன்.

அம்மாவுக்கு நான் விளக்கவே இல்லை, ஒரு வரியைக் கொடுத்தேன். ஸ்டார்ட்அப் என்ற சொல்லே அதில் கிடையாது: "லாரி கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யிற கம்பெனி, அதுல இன்ஜினியரா இருக்கா." அத்தை, பெரியம்மா, தரகர் எல்லோருக்கும் இந்த ஒரே வரி. அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சம்பளம் கேட்டால் என்றார். "ஐம்பதாயிரத்துக்கு மேல கையில வருதுன்னு சொல்லும்மா, அது உண்மைதான்" என்றேன். வெளியே என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கிற அவமானம்தான் அம்மாவின் பயத்தில் முக்கால்வாசி. அதை நாம் சரிசெய்து கொடுக்கலாம் என்று எனக்கு முன்னால் தோன்றவே இல்லை.

எல்லாம் முடிந்து எழுந்தபோது அப்பா, "பாப்பா, நீ எப்போ சேர்ந்த?" என்றார். ஜூன் 17 என்றேன். "தொண்ணூறு நாள் நோட்டீஸ் குடுத்தா மே கடைசியில வெளிய வந்துருவ. மூணு வாரத்துல அஞ்சு வருஷம் விட்டுப்போகும். கிராஜுவிட்டி கையை விட்டுப் போயிடலாம்." நான் இதை யோசிக்கவே இல்லை. அன்றைய விதிப்படி ஐந்து வருடம் முழுதாக முடித்தால்தான் கிராஜுவிட்டி சிக்கலில்லாமல் கிடைக்கும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்குவதுதான் அன்றைய கணக்கு. என் அடிப்படைச் சம்பளம் 24,000. அப்பா நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார், 69,230 ரூபாய். ஸ்டார்ட்அப்பில் சேரும் தேதியை ஜூன் 24க்குத் தள்ளிக் கேட்டேன், ஒரே மெயிலில் சம்மதித்தார்கள். ராஜினாமாவை மார்ச் மூன்றாம் வாரத்தில் கொடுத்தேன். பணம் ஜூலையில் வந்தது. வேலை மாறுகிற விஷயத்தைப் பெற்றோருக்குச் சொல்வது அனுமதிக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். நமக்குத் தெரியாததும் அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கோட்டைவிட்டேன், அதற்காக இன்னும் வருந்துகிறேன். குழுக் காப்பீட்டிலிருந்து விலகும்போது, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். மாற்றினால் ஏற்கனவே காப்பீட்டில் கழித்த காலமும், இருக்கிற நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலத்தில் கழியும். நான் இதை எச்.ஆரிடம் கடைசி வாரத்தில்தான் கேட்டேன், முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றார்கள். அதனால் அப்பாவுக்குப் புதிய பாலிசிதான் எடுக்க முடிந்தது. சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கு அதில் மூன்று ஆண்டு காத்திருப்பு. அவருடைய கடைசிக் கேள்வி அதுதான், அதற்கு நான் 38,000 என்று விலையை மட்டும் எழுதியிருந்தேன். நீங்கள் ராஜினாமா கொடுக்கிற அன்றே இந்த விண்ணப்பத்தையும் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் நான்கு மாதம் கடினம். டீசல் கணக்குப் பகுதியை முழுதாக என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுதியது ஒரு முறை தப்பாகி, நாமக்கல் வாடிக்கையாளர் ஒருவரின் நாற்பது வண்டிக் கணக்கு ஒரு நாள் முழுக்க நின்றுபோனது. அன்று ராத்திரி ஹாஸ்டலில் அழுதேன். ஆனால் எட்டாவது மாதத்தில், நானே கட்டி ஓடவிட்டது எது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு இரண்டு விஷயம் இருந்தது.

2025 மே மாதம் சம்பளம் வரவில்லை. ஏழாம் தேதி வர வேண்டியது. பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து பணம் வரவில்லை, மாதக் கடைசிக்குள் போட்டுவிடுகிறோம் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தேன். பழைய ஜூலை நினைவுக்கு வந்து பயம் பிடித்துக்கொண்டது. பதினாறாம் தேதி சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார். "சம்பளம் வரலயா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "இருபதாயிரம் வழக்கமா எட்டாம் தேதி வந்துரும், வரல. அதான் பாத்தேன். பி.எஃப். பதினாலாம் தேதியே கட்டிட்டான். முப்பத்தோரு பேருக்குக் கட்டிருக்கான், போன மாசம் முப்பது. ஆளைக் குறைக்கல. நீ பயப்படாத. இந்த மாசத் தவணைக்கு அந்த டெபாசிட்ல இருந்து எடுத்துக்கிறேன், வந்ததும் திருப்பிப் போட்டுரு." சம்பளம் 26ஆம் தேதி வந்தது. 27ஆம் தேதி காலையில் அப்பாவுக்கு நாற்பதாயிரம் அனுப்பினேன், இருபது அந்த மாதத்துக்கு, இருபது முன்கூட்டி. மதியம் இருபதாயிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, "நோட்டுல இல்லாத கணக்கு வேண்டாம்" என்று ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்.